ஐந்து ஊருக்கு ஒரு டிப்போ: ஈர்ப்பு மைய முறையில் இடம் பார்ப்பது எப்படி?

கோவை, சேலம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று ஐந்து ஊர்களுக்குச் சோப்பு அனுப்பும் கம்பெனி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார். மாதாமாதம் அவருக்கு லாரியில் சரக்கு போக வேண்டும். ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு டிப்போதான் போட முடியும். எங்கே போடுவது?

நடைமுறையில் இந்தக் கேள்விக்குக் கணக்குப் போடாமலேயே பதில் வந்துவிடும். முதலாளியின் சொந்த ஊர், அல்லது தெரிந்தவர் ஒருவரின் குடோன் காலியாக இருக்கிற ஊர். வாடகை குறைவு என்று அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். குடோன் வாடகையில் மிச்சம் பிடித்ததை லாரி வாடகையில் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஏனென்றால் அது ஒரே பில்லாக வராது. நூறு டிரிப்புகளில் சிதறிக் கிடக்கும்.

ஈர்ப்பு மைய முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒரு அட்டையில் வரைபடத்தை ஒட்டி, ஒவ்வொரு ஊர் இருக்கும் புள்ளியிலும் அந்த ஊருக்குப் போகும் சரக்கின் அளவுக்கு ஏற்ற எடைக்கல்லை வையுங்கள். அட்டைக்குக் கனமே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை ஒரு விரல் நுனியில் சாயாமல் நிற்கிற ஒரு புள்ளி இருக்கும். அதுதான் ஈர்ப்பு மையம். டிப்போவை அங்கே போடு என்கிறது இந்த முறை. சரக்கு அதிகம் வாங்கும் ஊர் புள்ளியைத் தன் பக்கம் அதிகமாக இழுக்கும், கொஞ்சம் வாங்கும் ஊர் கொஞ்சமாக இழுக்கும். அட்டையும் எடைக்கல்லும் இல்லாமல் கூட்டல், பெருக்கல், ஒரு வகுத்தல் ஆகியவற்றை வைத்தே அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் இரண்டு விவரங்கள்

கணக்குக்கு வேண்டியது இரண்டே விஷயங்கள்தான்: ஒவ்வொரு ஊரும் எங்கே இருக்கிறது, ஒவ்வொரு ஊருக்கும் எவ்வளவு போகிறது.

எங்கே இருக்கிறது என்பதற்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். கைபேசி வரைபடத்தில் ஊர்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்களும் வந்துவிடும். மதுரைக்கு அட்சம் 9.93, தீர்க்கம் 78.12 என்று வரும். இந்த டிகிரிகளை அப்படியே வைத்துச் சராசரி எடுத்தாலும் புள்ளி சரியாகவே வரும். ஆனால் அப்புறம் தூரம் கணக்கிட வேண்டியிருக்கும் என்பதால், இப்போதே கிலோமீட்டராக மாற்றிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் இது சுலபம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், தெற்கு வடக்காக ஒரு டிகிரி போனாலும், கிழக்கு மேற்காக ஒரு டிகிரி போனாலும் ஏறக்குறைய 110 கி.மீ.தான். டெல்லி பக்கம் இப்படிச் செய்ய முடியாது. அங்கே கிழக்கு மேற்காக ஒரு டிகிரி என்பது சுமார் 98 கி.மீ. ஆகச் சுருங்கிவிடும்.

அட்சம் 8, தீர்க்கம் 76 என்ற புள்ளியைத் தொடக்கமாக வைத்துக்கொள்வோம். அது அரபிக்கடலில் இருக்கிறது. அதனால் ஒன்றும் இல்லை; தொடக்கப் புள்ளி எங்கே இருந்தாலும் விடை மாறாது. எல்லா எண்களும் கழித்தல் குறி இல்லாமல் வர வேண்டும் என்பதற்காகவே தென்மேற்கு மூலையைப் பிடித்தோம். அங்கிருந்து கிழக்கே எத்தனை கி.மீ., வடக்கே எத்தனை கி.மீ. என்று ஒவ்வொரு ஊருக்கும் எழுதிக்கொள்ளலாம்.

எவ்வளவு போகிறது என்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். விற்பனை மேலாளரிடம் கேட்டால் ரூபாயில் சொல்வார். கோவையில் விலை கூடிய சோப்பு அதிகம் விற்கலாம், திருநெல்வேலியில் துணி சோப்பு அதிகம் போகலாம். லாரிக்கு ரூபாய் தெரியாது. எவ்வளவு இடம் அடைக்கிறது, எத்தனை தடவை ஓட வேண்டும் என்பதற்குத்தான் வாடகை. ஆகவே லோடு கணக்கில்தான் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. திருநெல்வேலிக்கு மாதம் பத்து லோடு சரக்குதான், ஆனால் வியாபாரியிடம் இடம் இல்லாததால் அரை லோடு அரை லோடாக இருபது தடவை அனுப்புகிறோம் என்றால், அதன் எடை இருபது. அரை லாரி போனாலும் முழு டிரிப்புக்குத்தானே வாடகை கொடுக்கிறோம்.

நம் எடுத்துக்காட்டில் எல்லா லாரியும் நிறைந்தே போவதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மொத்தம் 100 லோடு வரும்படி எண்களை நானே வைத்திருக்கிறேன்:

| ஊர் | கிழக்கே (கி.மீ.) | வடக்கே (கி.மீ.) | மாத லோடு |
|---|---|---|---|
| கோவை | 106 | 332 | 30 |
| சேலம் | 237 | 403 | 15 |
| திருச்சி | 297 | 307 | 20 |
| மதுரை | 233 | 212 | 25 |
| திருநெல்வேலி | 194 | 78 | 10 |

கணக்கு

முதலில் கிழக்குத் தூரம். ஒவ்வொரு ஊரின் கிழக்குத் தூரத்தையும் அதன் லோடால் பெருக்க வேண்டும். கோவைக்கு 106 × 30 = 3,180. சேலத்துக்கு 237 × 15 = 3,555. திருச்சிக்கு 5,940, மதுரைக்கு 5,825, திருநெல்வேலிக்கு 1,940. எல்லாவற்றையும் கூட்டினால் 20,440. இதை மொத்த லோடான 100 ஆல் வகுத்தால் 204.4.

வடக்குத் தூரத்துக்கும் இதே வேலைதான். 9,960, 6,045, 6,140, 5,300, 780, கூட்டினால் 28,225. நூறால் வகுத்தால் 282.25.

அவ்வளவுதான். தொடக்கப் புள்ளியிலிருந்து கிழக்கே 204.4 கி.மீ., வடக்கே 282.25 கி.மீ. இதுதான் ஈர்ப்பு மையம். ஊர்கள் ஐம்பது என்றாலும் முறை மாறாது. விரிதாளில் கிழக்குத் தூரம் B பத்தியிலும், வடக்குத் தூரம் C பத்தியிலும், லோடு D பத்தியிலும் இருந்தால் இரண்டு வரியில் முடிந்துவிடும்:

```
=SUMPRODUCT(B2:B6,D2:D6)/SUM(D2:D6)
=SUMPRODUCT(C2:C6,D2:D6)/SUM(D2:D6)
```

இப்போது திரும்ப டிகிரிக்கு மாற்றலாம். 204.4 ஐ 110 ஆல் வகுத்து 76 ஐக் கூட்டினால் தீர்க்கம் 77.86. 282.25 ஐ 110 ஆல் வகுத்து 8 ஐக் கூட்டினால் அட்சம் 10.57. வரைபடத்தில் இந்த இடத்தைத் தேடினால், திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூருக்கு மேற்கே ஏறக்குறைய பத்து கி.மீ. தள்ளி, ஒட்டன்சத்திரத்துக்கும் வேடசந்தூருக்கும் நடுவில் புள்ளி விழுகிறது.

இந்த இடம் எவ்வளவு நல்லது என்பதை எப்படி அளப்பது? அதற்கு லோடு-கிலோமீட்டர் என்ற அளவு இருக்கிறது. டிப்போவிலிருந்து ஒரு ஊருக்கு உள்ள தூரத்தை அந்த ஊரின் லோடால் பெருக்கி, எல்லா ஊருக்கும் கூட்ட வேண்டும். தூரத்துக்கு, கிழக்கு வித்தியாசத்தின் வர்க்கத்தையும் வடக்கு வித்தியாசத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் போதும். பள்ளியில் படித்த பித்தகோரஸ்தான். நம் புள்ளியிலிருந்து கோவை 110 கி.மீ., சேலம் 125, திருச்சி 96, மதுரை 76, திருநெல்வேலி 205. மொத்தம் மாதத்துக்கு 11,042 லோடு-கி.மீ. இதே டிப்போ மதுரையிலேயே இருந்தால் சுமார் 11,795 வரும், கோவையில் இருந்தால் சுமார் 13,144. கோவையை விட மாதம் 2,100 லோடு-கி.மீ. மிச்சம். திரும்பி வரும் காலி ஓட்டத்தையும் சேர்த்து ஒரு லோடு-கி.மீ.க்கு 50 ரூபாய் என்று வைத்தால், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல்.

இந்தப் புள்ளி எதைக் குறைக்கிறது?

பல அறிமுகக் கட்டுரைகள் மேலே சொன்ன இடத்தோடு நின்றுவிடும். ஈர்ப்பு மையத்தில் போட்டால் போக்குவரத்துச் செலவு மிகக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மை இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். இரண்டே ஊர்: மதுரை, திருநெல்வேலி. நடுவில் ஒரே சாலை, நீளம் 160 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்கு 70 லோடு, திருநெல்வேலிக்கு 30 லோடு. ஈர்ப்பு மையம் எங்கே? மதுரையைச் சுழியாக வைத்தால், 160 × 30 ஐ 100 ஆல் வகுக்க வேண்டும், 48 கி.மீ. அதாவது ஏறக்குறைய விருதுநகர் பக்கம். அங்கே டிப்போ போட்டால் மதுரைக்கு 70 × 48 = 3,360; திருநெல்வேலிக்கு 30 × 112 = 3,360. மொத்தம் 6,720.

இப்போது டிப்போவை மதுரையிலேயே வைத்துப் பாருங்கள். மதுரைக்குத் தூரமே இல்லை. திருநெல்வேலிக்கு 30 × 160 = 4,800. முடிந்தது. ஈர்ப்பு மையம் சொன்ன இடம் 40 சதவீதம் கூடுதல் செலவு வைக்கிறது!

காரணம் எளிது. மதுரையிலிருந்து டிப்போவை ஒரு கிலோமீட்டர் தெற்கே நகர்த்தினால் 30 லோடுக்கு ஒரு கி.மீ. மிச்சம், 70 லோடுக்கு ஒரு கி.மீ. நட்டம். ஒவ்வொரு கி.மீ.க்கும் 40 நட்டம். அது முதல் கிலோமீட்டராக இருந்தாலும் சரி, நாற்பத்தெட்டாவது கிலோமீட்டராக இருந்தாலும் சரி, கணக்கு மாறாது. அப்படியிருக்க நகர்த்துவானேன்?

பின்னே ஈர்ப்பு மையம் ஏன் விருதுநகருக்குப் போகிறது? அட்டையை நினைத்துப் பாருங்கள். விரலிலிருந்து தள்ளி இருக்கும் எடைக்கல் அட்டையை அதிகமாகச் சாய்க்கும். ஒரே எடைதான், ஆனால் தூரம் கூடக்கூட அதன் இழுப்பும் கூடுகிறது. திருநெல்வேலி 30 லோடுதான் வாங்குகிறது என்றாலும், தூரத்தில் இருப்பதால் அட்டையில் அதற்குப் பலம் அதிகம். கணிதத்தில் சொன்னால், ஈர்ப்பு மையம் குறைப்பது தூரத்தின் வர்க்கத்தை. 200 கி.மீ.யில் உள்ள ஊரை 100 கி.மீ.யில் உள்ள ஊரை விட நான்கு மடங்கு செலவாக அது எண்ணுகிறது. லாரிக்காரர் அப்படிக் கேட்பதில்லை. இரண்டு மடங்கு தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாடகைதான்.

அட்டைக்குப் பதிலாக இன்னொரு கருவி உண்டு. ஒரு மேசைப் பலகையில் ஊர்கள் இருக்கும் இடங்களில் துளை போட்டு, ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு நூலை இறக்கி, கீழே அந்த ஊரின் லோடுக்கு ஏற்ற எடையைத் தொங்கவிட வேண்டும். மேலே எல்லா நூல்களையும் ஒரே முடிச்சாகப் போட்டு, கையை விட்டுவிட வேண்டும். முடிச்சு ஒரு இடத்தில் போய் நிற்கும். இங்கே ஒரு நூலின் இழுப்பு அதன் கீழே தொங்கும் எடை மட்டும்தான். ஊர் கிட்டே இருந்தாலும் எட்டே இருந்தாலும் ஒரே இழுப்பு. வாடகைக் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. அதனால் முடிச்சு நிற்கும் இடம்தான் லோடு-கி.மீ. மிகக் குறைவான இடம். ஓர் ஊரின் எடை மொத்தத்தில் பாதி அல்லது அதற்கு மேல் இருந்தால், மற்ற எல்லா நூல்களும் சேர்ந்து இழுத்தாலும் அதை வெல்ல முடியாது. முடிச்சு அந்த ஊரின் துளையிலேயே போய் உட்கார்ந்துவிடும். ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெபர் தொழிற்சாலைகளின் இருப்பிடம் பற்றி 1909 இல் எழுதியபோது இந்த மாதிரி இழுபறியைத்தான் ஆராய்ந்தார்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் சோதனை: கணக்கைத் தொடங்கும் முன்பே லோடுப் பத்தியைப் பாருங்கள். ஏதாவது ஓர் ஊர் மொத்தத்தில் பாதியைத் தொட்டால், ஈர்ப்பு மையம் பக்கமே போக வேண்டாம். டிப்போ அந்த ஊரில்தான்.

நம் ஐந்து ஊர்களில் அப்படி எதுவும் இல்லை. கோவைதான் பெரியது, அதுவும் 30 தான். அதனால் பிழை சிறிதாக இருக்க வேண்டும். எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஹங்கேரியக் கணிதவியலாளர் வைஸ்ஃபெல்டு 1937 இல் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு ஊரின் லோடையும் அந்தப் புள்ளியிலிருந்து அந்த ஊருக்கு உள்ள தூரத்தால் வகுத்து, வந்ததைப் புதிய எடையாக வைத்து மறுபடி சராசரி எடுங்கள். தூரத்துக்கு ஈர்ப்பு மையம் கொடுத்த கூடுதல் பலத்தை இந்த வகுத்தல் பிடுங்கிவிடுகிறது. புதுப் புள்ளியிலிருந்து தூரங்களை மறுபடி அளந்து இதையே திரும்பச் செய்ய வேண்டும். புள்ளி நகர்வது நின்றதும் நிறுத்திவிடலாம்.

நம் எண்களுக்கு முதல் சுற்றில் புள்ளி ஐந்தரை கி.மீ. கிழக்கே போகிறது. அடுத்த சுற்றில் இன்னும் இரண்டரை கி.மீ. இப்படிச் சின்னச் சின்னதாக நகர்ந்து, தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 11 கி.மீ. தள்ளி, கிட்டத்தட்ட வேடசந்தூரிலேயே போய் நிற்கிறது. அங்கே மொத்தம் 11,013 லோடு-கி.மீ. ஈர்ப்பு மையத்தில் 11,042 இருந்தது. வித்தியாசம் 29, மாதம் 1,450 ரூபாய். ஊர்கள் நாலா பக்கமும் பரவி, எதுவும் தனியாக ஆதிக்கம் செலுத்தாதபோது ஈர்ப்பு மையம் இவ்வளவு நெருக்கமாக வந்துவிடும். அதனால்தான் இந்தச் சுலபமான முறை இத்தனை காலம் புழக்கத்தில் இருக்கிறது.

புள்ளியிலிருந்து சாலைக்கு

ஒட்டன்சத்திரத்துக்கும் வேடசந்தூருக்கும் நடுவில் கணக்கு சொன்ன அதே இடத்தில் குடோன் கட்ட யாரும் போக மாட்டார்கள், போகவும் வேண்டாம். அந்தப் புள்ளிக்குப் பெரிய லாரி போகும் வழி இருக்கிறதா என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. மலை இருந்தாலும் தெரியாது. சேலத்துக்கும் திருச்சிக்கும் சம லோடு என்று வைத்து அந்த இரண்டு ஊருக்கு மட்டும் ஈர்ப்பு மையம் போட்டுப் பாருங்கள். கொல்லிமலையில் போய் விழும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி சோப்பு இறக்க வேண்டியதுதான்.

ஆகவே புள்ளி கிடைத்ததும் அதைச் சுற்றி நல்ல சாலை, குடோன், ஆள் வசதி உள்ள ஊர்களைப் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம் என்ற பயம் வேண்டாம். லோடு-கி.மீ. கணக்கு நடுவில் ஒரு தட்டையான கிண்ணம் மாதிரி இருக்கும். புள்ளியிலிருந்து கொஞ்ச தூரம் நகர்ந்தாலும் செலவு லேசாகத்தான் ஏறும். திண்டுக்கல்லை எடுத்துப் பார்ப்போம். நம் புள்ளியிலிருந்து 25 கி.மீ. தென்கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து மொத்தம் 11,084. வேடசந்தூரை விட 71 தான் கூடுதல், ஒரு சதவீதம்கூட இல்லை. மாதம் 3,550 ரூபாய். குடோன் வாடகையில் பேரம் பேசினாலே அது வந்துவிடும்.

திண்டுக்கல்லுக்கு இன்னொரு பலமும் உண்டு. சேலம், மதுரை, திருநெல்வேலி மூன்றும் தேசிய நெடுஞ்சாலை 44 இல் இருக்கின்றன. கோவையும் திருச்சியும் 83 இல் இருக்கின்றன. இந்த இரண்டு சாலைகளும் சந்திக்கும் இடம் திண்டுக்கல். இந்த இரண்டு சாலைகள் மட்டும்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, மதுரை–திருநெல்வேலிக் கணக்கில் செய்ததையே இங்கேயும் செய்யலாம். தெற்குப் பக்கம் 35 லோடு, மேற்கே 30, கிழக்கே 20, வடக்கே 15. தெற்கே ஒரு கி.மீ. நகர்ந்தால் 35 க்கு மிச்சம், 65 க்கு நட்டம். மற்ற மூன்று பக்கமும் இதைவிட மோசம். எந்தப் பக்கமும் பாதியைத் தொடவில்லை, ஆகவே சந்திப்பிலேயே இருப்பதுதான் சரி. ஒரு பெருக்கல்கூட இல்லாமல், சாலை வரைபடத்தைப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்துவிடலாம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஆனால் சாலைகள் இரண்டோடு முடியவில்லை. கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்கு 81 ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. அது 44 ஐக் கரூரில் சந்திக்கிறது. எனவே கரூரும் போட்டியில் இருக்கிறது. நேர்கோட்டுக் கணக்கில் கரூருக்கு 11,613 வரும். திண்டுக்கல்லை விடக் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதல். இதோடு கரூரைத் தள்ளிவிட்டால் தவறாகிவிடும், ஏனென்றால் லாரி நேர்கோட்டில் ஓடுவதில்லை.

சாலைத் தூரத்தைத் தோராயமாக எடுத்துப் பார்க்கலாம். திண்டுக்கல்லிலிருந்து கோவை 160 கி.மீ., சேலம் 175, திருச்சி 100, மதுரை 65, திருநெல்வேலி 220. லோடால் பெருக்கிக் கூட்டினால் 13,250. கரூரிலிருந்து கோவை 130, சேலம் 100, திருச்சி 80, மதுரை 140, திருநெல்வேலி 295. கூட்டினால் 13,450. ஐந்து சதவீத வித்தியாசம் ஒன்றரை சதவீதமாகக் குறைந்துவிட்டது. கோவைதான் இதற்குக் காரணம். கரூரிலிருந்து கோவைச் சாலை ஏறக்குறைய நேராகப் போகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று மலையடிவாரத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. முப்பது லோடு அந்தச் சாலையில்தான் ஓடுகிறது.

நேர்கோட்டுத் தூரத்தை 1.2 ஆல் பெருக்கினால் சாலைத் தூரம் கிடைக்கும் என்று தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மொத்தத்துக்கு அது பரவாயில்லை. நம் திண்டுக்கல் கணக்கில்கூட 11,084 க்கு 13,250 என்பது அந்த 1.2 தான். ஆனால் இரண்டு ஊர்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பெருக்கல் எதையும் மாற்றாது. இரண்டையும் ஒரே அளவு பெருக்கும். தேர்வு என்று வரும்போது உண்மையான சாலைத் தூரத்தை ஊர் ஊராக எடுத்தே ஆக வேண்டும்.

சரக்கு எங்கிருந்து வருகிறது?

இதுவரை டிப்போவிலிருந்து வெளியே போகும் சரக்கை மட்டும் பார்த்தோம். டிப்போவுக்கு உள்ளே வரும் சரக்குக்கும் யாரோ வாடகை கொடுக்கிறார்கள். தொழிற்சாலையையும் ஒரு ஊராக எண்ணி, அதற்கும் ஒரு எடை கொடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியே போவது 100 லோடு என்றால் உள்ளே வருவதும் 100 லோடுதான். ஆனால் எடை 100 ஆகாது. தொழிற்சாலையிலிருந்து பெரிய லாரியில், முழு பாரத்தோடு வருவதால் ஒரு லோடுக்கு ஒரு கி.மீ.க்கு ஆகும் செலவு குறைவு. அது பாதி என்று வைத்துக்கொண்டால், தொழிற்சாலையின் எடை 50.

தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது என்று வையுங்கள். நம் அளவில் அது கிழக்கே 201, வடக்கே 521. பழைய கூட்டுத்தொகையோடு இதைச் சேர்த்து 150 ஆல் வகுத்தால், கிழக்கே 203.3, வடக்கே 361.8 வரும். புள்ளி எண்பது கி.மீ. வடக்கே ஏறி, திருச்செங்கோட்டுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரத்துக்கு வந்துவிடுகிறது. மாறாக, சரக்கு கப்பலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிறது என்றால், அதே 50 எடைக்குப் புள்ளி தெற்கே இறங்கி, மதுரைக்கு மேற்கே சுமார் இருபது கி.மீ.யில் நிற்கிறது. ஐந்து ஊர்களும் அவற்றின் லோடும் மாறவே இல்லை. தொழிற்சாலை ஒன்றை மட்டும் மாற்றியதற்கு டிப்போ 145 கி.மீ. நகர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓசூரும் தூத்துக்குடியும் தூரத்தில் இருப்பதால், ஈர்ப்பு மையம் அவற்றுக்கு உரியதற்கு மேல் பலம் கொடுத்திருக்கும். முன்பு திருநெல்வேலிக்குக் கொடுத்த மாதிரிதான். புள்ளி எந்தப் பக்கம் போகிறது என்பதை நம்பலாம். எவ்வளவு தூரம் போகிறது என்பதை அப்படியே நம்பாமல், கையில் இருக்கும் ஊர்களைச் சாலைத் தூரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

திண்டுக்கல், கரூர் இரண்டையும் வைத்து அதைச் செய்துவிடுவோம். ஓசூரிலிருந்து வரும் லாரி 44 இல் சேலம், நாமக்கல் தாண்டிக் கரூருக்கு வரும். திண்டுக்கல்லுக்குப் போக வேண்டுமானால் அதே சாலையில் இன்னும் 75 கி.மீ. ஓட வேண்டும். எடை 50 ஆல் பெருக்கினால் 3,750. வெளியே போகும் சரக்கில் திண்டுக்கல் மிச்சம் பிடித்துக் கொடுத்தது 200 மட்டுமே. அதைக் கழித்தாலும் கரூர் மாதம் 3,550 லோடு-கி.மீ. மலிவு. நம் 50 ரூபாய்க் கணக்கில் 1,77,500 ரூபாய். சரக்கு தூத்துக்குடியிலிருந்து வந்தால் கணக்கு அப்படியே திரும்பும். லாரி திண்டுக்கல்லைத் தாண்டித்தான் கரூருக்குப் போக வேண்டும் என்பதால், திண்டுக்கல்லின் மிச்சம் 3,950 ஆகிவிடும்.

ஆகவே ஓசூர்த் தொழிற்சாலைக்காரர் கரூரில் குடோன் தேடலாம். திண்டுக்கல்லில் யாராவது வாடகையைக் குறைத்துத் தருகிறேன் என்று வந்தால், மாதம் 1,77,500 ரூபாய்க்கு மேல் குறைத்தால்தான் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்.